அடைப்புக்குள் 1, அடுக்கில் முடிவிலி: 2.718 எங்கிருந்து வருகிறது?

கேள்வி: (1 + 1/n)^n என்பதில் n முடிவிலியை நோக்கிப் போகும்போது 1/n பூஜ்யம் ஆகிவிடுகிறது. அடைப்புக்குள் 1 மட்டும்தான் மிச்சம். 1-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1 தானே? பிறகு 2.718 எப்படி வருகிறது? வங்கிக் கூட்டு வட்டியில் வரும் (1 + r/n)^(nt), (1 − 1/n)^n போன்றவற்றுக்கும் இதே காரணமா?

பதில்:

அடைப்புக்குள் இருக்கும் n-ஐ முதலில் முடிவிலிக்கு அனுப்பி, அடுக்கில் இருக்கும் n-ஐ அப்புறம் அனுப்புகிறீர்கள். சிக்கல் அங்கேதான். இரண்டும் ஒரே n. ஒன்று நகரும்போது மற்றொன்றும் கூடவே நகர்கிறது. அடைப்புக்குள் இருப்பது 1-ஐ நெருங்குகிறது என்பது உண்மை, ஆனால் எந்த n-ஐ எடுத்தாலும் அது 1-ஐ விடக் கொஞ்சம் பெரியதுதான். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு வேகமாகக் குறைகிறது, அதை எத்தனை முறை பெருக்குகிறோம் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

n = 100 என்று வைத்து மூன்று கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். (1 + 1/n²)^n என்றால் 1.0001-ஐ நூறு முறை பெருக்க வேண்டும், வருவது 1.01005. (1 + 1/n)^n என்றால் 1.01-ஐ நூறு முறை, வருவது 2.7048. (1 + 1/√n)^n என்றால் 1.1-ஐ நூறு முறை, வருவது 13,780-க்கும் மேல். மூன்றிலும் அடைப்புக்குள் இருப்பது 1-ஐ நோக்கியும், அடுக்கு முடிவிலியை நோக்கியும்தான் போகின்றன. ஆனால் n-ஐ மேலும் கூட்டிக்கொண்டே போனால் முதலாவது 1-க்கு வந்து சேரும், இரண்டாவது e என்று பெயரிட்ட 2.718…-க்கு வந்து சேரும், மூன்றாவது எல்லையில்லாமல் வளரும். அதனால்தான் '1-இன் அடுக்கு முடிவிலி' என்ற வடிவத்தைத் தேராத வடிவம் என்கிறோம். வடிவத்தை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது.

எதைப் பார்த்துச் சொல்வது? 1-க்கு மேல் இருக்கும் மிச்சத்தை, அதைப் பெருக்கும் தடவைகளால் பெருக்குங்கள். முதலாவதில் n × 1/n² = 1/n, இது பூஜ்யத்துக்குப் போகிறது. இரண்டாவதில் n × 1/n = 1, எப்போதும் 1. மூன்றாவதில் n × 1/√n = √n, இது வளர்ந்துகொண்டே போகிறது. பொதுவாகச் சொன்னால், மிச்சம் aₙ பூஜ்யத்தை நோக்கிப் போய், n·aₙ என்ற பெருக்கம் c என்ற எண்ணை நெருங்கினால், (1 + aₙ)^n நெருங்குவது e^c. நீங்கள் கேட்ட எல்லா வடிவங்களும் இந்த ஒரே விதியில் அடங்கிவிடும். ஆனால் இந்த e ஏன் 2.718, ஏன் 2 அல்ல, ஏன் 3 அல்ல என்பதைப் பார்க்காமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்து பயனில்லை.

இந்தக் கேள்வி முதலில் எழுந்ததே வட்டிக் கணக்கில்தான். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக் கணித அறிஞர் யாக்கோப் பெர்னூலி, 17-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இதைக் கேட்டார். ஒரு ரூபாய்க்கு ஆண்டுக்கு 100 சதவீத வட்டி. ஆண்டு முடிவில் ஒரே தடவை வட்டி சேர்த்தால் 2 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 50 சதவீதமாகச் சேர்த்தால் 2.25. மாதாமாதம் சேர்த்தால் 2.6130. தினமும் சேர்த்தால் 2.7146. ஒவ்வொரு கணமும் சேர்த்தால் எவ்வளவு? 1690-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் தந்த விடை, தொகை இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கும் என்பது. e என்ற எழுத்து அதற்குப் பல ஆண்டுகள் கழித்து ஆய்லரிடமிருந்து வந்தது.

அந்த இரண்டரையும் மூன்றும் எப்படிக் கிடைத்தன என்பதை மாதாந்திர வட்டியை வைத்தே பார்க்கலாம். ஒரு ரூபாய், மாதம் 1/12 வட்டி, பன்னிரண்டு மாதம். ஆண்டு முடிவில் கையில் இருக்கும் பணத்தை அதன் பிறப்பிடம் பார்த்துப் பிரிப்போம்.

முதலில் அசல், 1 ரூபாய். அடுத்து அசல் ஈட்டிய வட்டி. மாதத்துக்கு 1/12 வீதம் பன்னிரண்டு மாதம், ஆக 1 ரூபாய். இந்த இரண்டும் எத்தனை தடவை வட்டி சேர்த்தாலும் மாறாது.

மூன்றாவது, வட்டிக்கு வட்டி. மார்ச்சில் அசலுக்குச் சேர்ந்த 1/12 ரூபாய், ஜூலையில் தன் பங்குக்கு 1/12 × 1/12 = 1/144 ரூபாய் ஈட்டும். மார்ச், ஜூலை என்பது போல முன்னால் ஒரு மாதம், பின்னால் ஒரு மாதம் என்று எத்தனை ஜோடிகள் உண்டோ, அத்தனை 1/144 உண்டு. பன்னிரண்டு மாதங்களில் அப்படி 66 ஜோடிகள். ஆக வட்டிக்கு வட்டி 66/144 = 0.4583.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆண்டை n துண்டுகளாக ஆக்கினால் ஜோடிகள் n(n−1)/2, ஒவ்வொன்றின் மதிப்பு 1/n². பெருக்கினால் (1/2)(1 − 1/n). n வளர வளர இது 1/2-ஐ நெருங்குகிறது, அதைத் தாண்டுவதில்லை. ஏன் பாதி? இரண்டு துண்டுகளை எப்படி எடுத்தாலும், முந்தியது வட்டியைப் பெற்றுத்தர, பிந்தியது அந்த வட்டிக்கு வட்டி தர வேண்டும். ஜூலையில் கிடைத்த வட்டிக்கு மார்ச்சில் வட்டி கிடைக்காது. இரண்டு வரிசைகளில் ஒன்றுதான் செல்லும். அதனால்தான் பாதி.

வட்டிக்கு வட்டிக்கு வட்டி என்றால் மூன்று மாதங்கள் வேண்டும், அவை கால வரிசையில் இருக்க வேண்டும். மூன்றை வரிசைப்படுத்த 6 வழிகள், செல்லுபடியாவது ஒன்று. எனவே n பெரிதாகும்போது இந்தப் பங்கு 1/6-ஐ நெருங்கும். பன்னிரண்டு மாதக் கணக்கில் அது 220/1728 = 0.1273. அடுத்த அடுக்குக்கு 24 வழிகளில் ஒன்று, ஆக 1/24. அதற்கடுத்து 1/120. ஈருறுப்புத் தேற்றத்தில் வரும் 2!, 3!, 4! எல்லாம் காலம் பின்னோக்கிப் போகாது என்பதைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. பள்ளியில் இதை வெறும் விரிவாக்கமாகச் செய்துவிட்டுக் கடந்துபோவது எனக்கு எப்போதும் வருத்தம்தான், ஏனென்றால் e-இன் முழு விஷயமும் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

இப்போது கூட்டுங்கள்: 1 + 1 + 1/2 + 1/6 + 1/24 + 1/120 + … முதல் மூன்றைக் கூட்டினாலே இரண்டரை. மிச்சம் இருப்பவற்றை 1/4, 1/8, 1/16 என்று கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொண்டாலும் மொத்தம் 3-ஐத் தாண்டாது. பெர்னூலியின் இரண்டு வரம்புகளும் கிடைத்துவிட்டன. n கூடும்போது (1/2)(1 − 1/n) போன்ற ஒவ்வொரு பங்கும் கூடுகிறது, புதிய பங்குகளும் சேர்கின்றன. ஆகவே (1 + 1/n)^n ஏறிக்கொண்டே இருக்கும், ஆனால் 3-க்குக் கீழேயே இருக்கும். ஏறிக்கொண்டே போய் ஒரு வரம்புக்குள் அடங்கும் தொடர்முறைக்கு எல்லை இருந்தே தீரும். அந்த எல்லைதான் e = 2.718281828…

அடிக்கடி வட்டி சேர்த்தால் பணம் முடிவில்லாமல் பெருகாதா என்ற சந்தேகத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அடிக்கடி சேர்ப்பதால் வட்டிக்கு வட்டியின் பங்கு 1/2 வரை போகலாம், அதற்கு மேல் போக முடியாது. அடுத்தடுத்த அடுக்குகளும் அப்படியே.

இனி (1 + r/n)^(nt). இதில் r என்பது ஆண்டு வட்டி வீதம், n என்பது ஆண்டுக்கு எத்தனை தடவை சேர்க்கிறார்கள் என்பது, t ஆண்டுகள். n/r-ஐ m என்று வைத்தால் இது (1 + 1/m)^(mrt) ஆகிறது. n வளர்ந்தால் m-உம் வளரும். (1 + 1/m)^m போய்ச் சேருவது e, எனவே முழுவதும் போய்ச் சேருவது e^(rt). m முழு எண்ணாக இருக்காதே என்று கேட்டால், அது எப்போதும் அடுத்தடுத்த இரண்டு முழு எண்களுக்கு நடுவில் இருக்கும். அந்த இரண்டுக்கும் எல்லை ஒன்றுதான் என்பதால் நடுவில் இருப்பதற்கும் அதே எல்லை.

ஒரு வைப்புத்தொகையை எடுத்துக்கொள்வோம். 1,00,000 ரூபாய், 8 சதவீதம், ஓராண்டு. நம் நாட்டு வங்கிகளில் வழக்கமாக இருப்பதுபோல் காலாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேர்கிறது. ஒவ்வொரு காலாண்டுக்கும் 2 சதவீதம். அசலுக்குக் கிடைக்கும் வட்டி நான்கு தடவை 2,000, ஆக 8,000. வட்டிக்கு வட்டி, 2,000-த்துக்கு 2 சதவீதம் 40 ரூபாய். நான்கு காலாண்டுகளில் ஜோடிகள் ஆறு, ஆக 240. மூன்றாம் அடுக்கு, 40-க்கு 2 சதவீதம் 80 பைசா, நான்கு தடவை, 3.20 ரூபாய். நான்காம் அடுக்கு இரண்டு பைசாகூட இல்லை. மொத்தம் 1,08,243.22. சூத்திரத்தில் 1.02^4 போட்டாலும் இதேதான் வரும்.

இதையே கணத்துக்குக் கணம் சேர்த்தால்? வட்டிக்கு வட்டி r²/2, அதாவது 240-க்குப் பதில் 320. அடுத்த அடுக்கு r³/6, அதாவது 8.53. அதற்கடுத்தது 17 பைசா. மொத்தம் 1,08,328.71. இதுதான் 8 சதவீதத்தின் உச்சவரம்பு. தினமும் சேர்த்தாலே 1,08,327.76 வந்துவிடும், உச்சவரம்புக்கு 95 பைசாதான் குறை. மணிக்கு மணி சேர்த்தால் என்ன கிடைக்கும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு வங்கிகளை ஒப்பிடும்போது வட்டி சேர்க்கும் இடைவெளியைவிட வீதத்தில் இருக்கும் வித்தியாசம்தான் பெரும்பாலும் முக்கியம். காலாண்டிலிருந்து உச்சவரம்புக்குப் போனால் கூடுதலாகக் கிடைப்பது 85 ரூபாய் 49 பைசா. 8 என்ற வீதம் 8.1 ஆனாலே நூறு ரூபாய்க்கு மேல் கிடைத்துவிடும்.

வீதம் பெரிதாக இருந்தால் கதை வேறு. நூற்றுக்கு மாதம் பத்து வட்டி என்று கடன் வாங்குபவர், ஆண்டுக்கு 120 சதவீதம் என்று நினைத்து 100 ரூபாய் 220 ஆகும் என்று கணக்குப் போடுவார். கட்டாத வட்டி மாதாமாதம் அசலோடு சேர்ந்தால் 1.1^12, அதாவது சுமார் 314 ரூபாய். உச்சவரம்பு e^1.2, அதாவது சுமார் 332. வட்டிக்கு வட்டி r²-ஐப் பொறுத்து வளர்வதால் இப்படி ஆகிறது. வீதம் பதினைந்து மடங்கானால் அந்தப் பங்கு 225 மடங்காகிறது.

எல்லைக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. இயல் மடக்கையான ln(1 + x) என்பது x சிறியதாக இருக்கும்போது ஏறத்தாழ x − x²/2. ஆகவே ஆண்டுக்கு n தடவை சேர்க்கும் r வீதம், உண்மையில் r − r²/(2n) என்ற வீதத்தில் இடைவிடாமல் சேர்ப்பதற்குச் சமம். 8 சதவீதம் காலாண்டு என்பது ஏறத்தாழ 7.92 சதவீதம் இடைவிடாத வட்டி. r = 1 என்று வைத்தால், (1 + 1/n)^n என்பது e-ஐவிட ஏறத்தாழ e/(2n) குறைவு என்று கிடைக்கும். n = 365-க்கு இந்தக் கணக்கு சொல்லும் குறை 0.00372, உண்மையான குறை 0.00371.

பணம் இரட்டிப்பாக '72-ஐ வட்டியால் வகு' என்று எல்லோரும் சொல்லும் விதியும் இந்தத் திருத்தத்திலிருந்து வருவதுதான். இடைவிடாமல் சேரும் வட்டியில் e^(rt) = 2 ஆக வேண்டும், அதாவது t = 0.693/r. அங்கே விதி 69.3. ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் உண்மையான வீதம் கொஞ்சம் குறைவு என்பதால் காலம் ஏறத்தாழ (1 + r/2) மடங்கு கூடும். 8 சதவீதத்துக்கு 69.3 × 1.04 = 72.1. ஆகவே 72 பொருந்துவது ஆண்டுக்கொரு முறை சேர்க்கும் 8 சதவீதத்தின் பக்கத்தில். காலாண்டுக்கு ஒருமுறை என்றால் திருத்தம் (1 + r/8), 69.3 × 1.01, அதாவது 70. நம் வைப்புத்தொகை இரட்டிப்பாவது 9 ஆண்டில் அல்ல, 8.75 ஆண்டில். மடக்கையில் போட்டாலும் 8.75 தான் வரும். காலாண்டு வட்டிக்கு 72 என்று சொல்வதைவிட 70 என்று சொல்வதே சரி.

(1 − 1/n)^n-க்கு வருவோம். விதிப்படி c = −1, எனவே எல்லை 1/e = 0.3679. மடக்கை இல்லாமலும் இதைக் காட்டலாம். (1 − 1/n)^n-ஐ (1 + 1/n)^n-ஆல் பெருக்குங்கள், (1 − 1/n²)^n வரும். நாம் முதலில் பார்த்த மூன்று வகைகளில் இது முதல் வகை, மிச்சம் மிக வேகமாகக் குறைவதால் 1-க்குப் போகும். பெருக்கம் 1, ஒன்று e, ஆக மற்றொன்று 1/e.

நடைமுறையில் இதற்கு இரண்டு முகங்கள். ஒரு முதலீடு நூறு நாள் தலா 1 சதவீதம் இறங்கினால் பூஜ்யம் ஆவதில்லை, 36.6 சதவீதம் மிஞ்சும். நூறு நாள் 1 சதவீதம் ஏறி, பின் நூறு நாள் 1 சதவீதம் இறங்கினால், 2.7048 × 0.3660 = 0.990, நூற்றில் ஒரு பங்கு நஷ்டம். ஏற்றமும் இறக்கமும் சரிக்குச் சரியாக ஈடாகாது என்பதை அந்த (1 − 1/n²)^n தான் காட்டுகிறது. இன்னொரு முகம் நிகழ்தகவு. நூற்றில் ஒரு வாய்ப்பு உள்ள ஒன்றை நூறு முறை முயன்றால் ஒருமுறையாவது கிடைத்தே தீரும் என்று பலர் நம்புகிறார்கள். ஒருமுறைகூடக் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.99^100, அதாவது சுமார் 37 சதவீதம். ஆயிரத்தில் ஒன்றை ஆயிரம் முறை முயன்றாலும் அதே 37 தான்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. e-ஐக் கணினியில் பார்க்க வேண்டும் என்று n-க்கு மிகப் பெரிய எண்ணைப் போட்டால் விடை தப்பாகும்.

```python
import math
for k in (4, 8, 12, 15, 16):
    n = 10.0**k
    print(k, (1 + 1/n)**n, math.exp(n*math.log1p(1/n)))
```

நேரடிக் கணக்கில் 10^4-க்கு 2.71815 வரும், 10^8-க்கு 2.7182817983 வரும், ஏழு தசம இடங்களுக்கு முழுமையாக்கினால் சரியான 2.7182818. அதன் பிறகு கெடத் தொடங்கும். 10^12-க்கு 2.71852, 10^15-க்கு 3.035, 10^16-க்கு சுத்தமாக 1. இரட்டைத் துல்லிய எண்களில் 1-க்கு அடுத்த எண் ஏறத்தாழ 2.22 × 10^−16 தள்ளித்தான் இருக்கிறது. 10^−15-ஐ 1-உடன் கூட்டும்போது அது அந்த இடைவெளியின் முழு மடங்காக, 1.11 × 10^−15 ஆகிவிடும். அந்தப் பிழையைப் பத்து லட்சம் கோடிக்கும் நூறு மடங்கு தடவை பெருக்குவதால் e^1.11 வருகிறது. 10^−16 அரை இடைவெளிக்கும் குறைவு என்பதால் கூட்டும்போதே காணாமல் போகும். அங்கே கணினி அடைப்பை முதலில் முடித்து 1 ஆக்கிவிட்டு அடுக்குக்குப் போகிறது, விடையும் 1. log1p(x) என்பது 1-உடன் கூட்டாமலேயே ln(1 + x)-ஐக் கணக்கிடுவதால் சிறிய மிச்சம் தொலைவதில்லை, வலப்பக்கத்து எண் 10^12 முதல் 10^16 வரைக்கும் 2.718281828-இலேயே நிற்கும். தினசரி வட்டி போன்ற சாதாரணக் கணக்குகளுக்கு நேரடி முறையே போதும். 1/n பத்துக் கோடியில் ஒன்றைவிடச் சிறியதானால் log1p-ஐப் பயன்படுத்துங்கள்.